எழுபது சதவீத மழை: வானிலைச் செய்தி எழுதுவோருக்கும் வாசிப்போருக்கும் ஒரு கணித ஆசிரியரின் திறந்த மடல்

வானிலை முன்னறிவிப்பைச் செய்தியாக்கி மக்களிடம் கொண்டுசேர்க்கும் ஆசிரியர் குழுவினருக்கும் செய்தி வாசிப்பாளர்களுக்கும் வணக்கம்.

நான் உயர்நிலை வகுப்புகளுக்குக் கணிதம் கற்பிக்கிறேன். நிகழ்தகவுப் பாடம் தொடங்கும் நாளில், பாடநூலைத் திறப்பதற்கு முன்பு, உங்கள் வரி ஒன்றைக் கரும்பலகையில் எழுதிவிட்டுக் கால் மணி நேரம் அதைப் பற்றி மட்டும் பேசுவது என் வழக்கம். அந்த வரி இதுதான்: "நாளை மழை பெய்ய 70 சதவீதம் வாய்ப்பு." அந்தப் பேச்சை மாணவர்களைவிட நீங்கள் கேட்பது அதிகப் பயன் தரும் என்று எனக்கு நெடுநாளாகத் தோன்றுவதால், அதன் சாரத்தை இந்த மடலில் எழுதி, முடிவில் இரண்டு கோரிக்கைகளை வைக்கிறேன்.

அந்த வரிக்கு என்ன பொருள் என்று கேட்டால், வகுப்பில் எப்போதும் ஏறத்தாழ ஒரே விதமான விடைகள்தான் வரும். நாளைய பொழுதில் பத்தில் ஏழு பங்கு நேரம் மழை பெய்யும் என்பார் ஒருவர். ஊரின் பரப்பில் பத்தில் ஏழு பங்கு நனையும் என்பார் இன்னொருவர். பத்து வல்லுநர்களைக் கேட்டால் ஏழு பேர் மழை என்பார்கள் என்று மூன்றாமவர் சொல்வார். 70 என்பது பெரிய எண் ஆகையால் மழையும் பலமாக இருக்கும் என்று கடைசி வரிசையிலிருந்து ஒரு குரல் எழும். இவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வருவதில்லை. 2005ஆம் ஆண்டு வெளியான ஓர் ஆய்வில் ஆம்ஸ்டர்டாம், ஏதென்ஸ், பெர்லின், மிலன், நியூயார்க் ஆகிய ஐந்து நகரங்களில் மக்களிடம் "நாளை மழைக்கு 30 சதவீதம் வாய்ப்பு" என்பதன் பொருளைக் கேட்டார்கள். பெரும்பான்மையோர் சரியான பொருளைச் சொன்ன நகரம் நியூயார்க் ஒன்றே. மற்ற நகரங்களில் அதை நேரத்தின் பங்காகவோ இடத்தின் பங்காகவோ எடுத்துக்கொண்டவர்கள்தான் மிகுதி. அமெரிக்காவில் 1960களின் நடுவிலிருந்தே மழை வாய்ப்பை எண்ணாகச் சொல்லிவருகிறார்கள் என்பதை நினைத்தால் இதில் வியப்பும் இல்லை. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 70 என்ற எண் எவருக்கும் குழப்பம் தரவில்லை. எதற்கு 70 என்பதில்தான் எல்லோரும் பிரிந்து போகிறார்கள். அந்த "எது" என்பதைச் சொல்லாமல் விடுவது நீங்கள்தான்.

முன்னறிவிப்பாளர் அந்த எண்ணைத் தரும்போது அதனுடன் மூன்று விவரங்கள் இருந்தே தீரும்: எந்த இடத்தில், எந்த நேரத்திலிருந்து எந்த நேரம் வரை, எவ்வளவு பெய்தால் அது மழை என்று கணக்கில் சேரும். அமெரிக்க தேசிய வானிலைச் சேவையின் வரையறையை எடுத்துக்கொண்டால், முன்னறிவிப்புப் பகுதிக்குள் நீங்கள் சுட்டும் ஏதேனும் ஓர் இடத்தில், குறித்த கால அளவுக்குள், அளக்கத்தக்க மழை, அதாவது ஓர் அங்குலத்தில் நூறில் ஒரு பங்கோ அதற்கு மேலோ பெய்யும் வாய்ப்பே அந்தச் சதவீதம். நூறில் ஓர் அங்குலம் என்பது ஏறத்தாழ கால் மில்லிமீட்டர். ஒரு மீட்டர் நீளமும் ஒரு மீட்டர் அகலமும் உள்ள தரையில் ஒரு மில்லிமீட்டர் மழை என்றால் ஒரு லிட்டர் நீர். ஆகவே கால் மில்லிமீட்டர் என்பது அந்தத் தரை முழுவதற்கும் கால் லிட்டர்தான். சாலை நிறம் மாறும், சற்று நேரத்தில் காய்ந்தும் விடும். அந்த அளவு பெய்தாலே முன்னறிவிப்பின் கணக்கில் "மழை பெய்தது" என்று பதிவாகிவிடும். கடைசி வரிசை மாணவருக்கு விடை இதில் இருக்கிறது: 70 சதவீதம் என்பது மழையின் பலத்தைப் பற்றி எதுவும் சொல்வதில்லை. 20 சதவீதம் என்ற நாளில் ஒரே இடியோடு கொட்டித் தீர்க்கலாம். 90 சதவீதம் என்ற நாளில் தூறலோடு நின்றுவிடலாம். இரண்டு நாளும் முன்னறிவிப்பு பொய்த்ததாகச் சொல்ல முடியாது.

அடுத்து, இடத்தைப் பற்றிய குழப்பம். இது சற்று விரிவாகப் பேச வேண்டியது, ஏனென்றால் உங்களுக்கு வரும் புகார்களில் பெரும்பகுதி இங்கிருந்துதான் பிறக்கிறது. இரண்டு நாள்களைக் கற்பனை செய்துகொள்ளச் சொல்வேன். முதல் நாளில் ஒரு பெரிய மழைமண்டலம் நகர்ந்து வருகிறது. அது இந்தப் பக்கம் திரும்பினால் பகுதி முழுவதும் நனையும், திரும்பாவிட்டால் எங்கும் ஒரு துளி இல்லை. திரும்புவதற்கான வாய்ப்பு 70 சதவீதம். இரண்டாம் நாளில் இடிமழை வரப்போவது உறுதி. ஆனால் அது திட்டுத்திட்டாகப் பெய்யும். மொத்தத்தில் பகுதியின் பரப்பில் 70 சதவீதம் நனையும், எந்தத் திட்டுகள் என்பது முன்கூட்டித் தெரியாது. உங்கள் வீட்டு வாசலில் நின்று பார்த்தால் இரண்டு நாளும் ஒன்றுதான்: அந்த ஓர் இடம் நனைய 70 சதவீதம் வாய்ப்பு. மழை வரும் வாய்ப்பையும் வந்தால் நனையும் பரப்பின் பங்கையும் பெருக்கிக் கிடைக்கும் விடையே அது, முதல் நாளில் 0.7 × 1, இரண்டாம் நாளில் 1 × 0.7.

ஆனால் பகுதி முழுவதையும் சேர்த்துப் பார்ப்பவருக்கு இவை முற்றிலும் வேறான நாள்கள். "பகுதியில் எங்காவது மழை பெய்யுமா?" என்று கேட்டால் முதல் நாளுக்கு விடை 70 சதவீதம், இரண்டாம் நாளுக்கு 100 சதவீதம். இரண்டாம் நாளைப் போன்ற நாளில், முன்னறிவிப்பு அட்சரம் பிசகாமல் பலித்தாலும், பரப்பில் பத்தில் மூன்று பங்கில் இருப்பவர்கள் காய்ந்த தரையைக் காட்டி "எங்கே மழை?" என்று கேட்பார்கள். முதல் நாளைப் போன்ற நாளில் எல்லோரும் சேர்ந்து பாராட்டுவார்கள் அல்லது எல்லோரும் சேர்ந்து ஏசுவார்கள். "70 சதவீதம்" என்ற வெற்று எண் இந்த இரு நாள்களையும் பிரித்துக் காட்டாது. "மழை திட்டுத்திட்டாகப் பெய்யும்" என்றோ "வந்தால் பரவலாகப் பெய்யும்" என்றோ ஒரு சிறு சொற்றொடர் கூடுதலாக இருந்தால் காட்டிவிடும். வானிலை மையங்களின் முழு அறிக்கையில் அப்படியொரு சொற்றொடர் பெரும்பாலும் இருக்கிறது. செய்தியாகச் சுருக்கும்போது முதலில் வெட்டுப்படுவதும் அதுதான்.

நேரக் குழப்பத்துக்கு வருகிறேன். இப்போது எல்லோர் கையிலும் கைப்பேசி இருப்பதால் மாணவர்கள் இதை ஒரு முரண்பாடாகவே கொண்டுவருகிறார்கள். "சார், நாள் முழுதுக்கும் 70 போட்டிருக்கிறது, மணி வாரியாகப் பார்த்தால் எந்த மணியிலும் 20-ஐத் தாண்டவில்லை, எது சரி?" இரண்டுமே சரியாக இருக்கலாம். மழைக்கு இடமுள்ள நேரம் பிற்பகலில் ஆறு மணி நேரம் என்றும், ஒவ்வொரு மணியிலும் பெய்ய 18 சதவீதம் வாய்ப்பு என்றும் வைத்துக்கொள்வோம். ஒரு மணி நேரம் பெய்யாமல் கழிய 82 சதவீதம் வாய்ப்பு. ஒரு மணியில் நடப்பதற்கும் அடுத்த மணியில் நடப்பதற்கும் தொடர்பே இல்லை என்று கொண்டால், ஆறு மணியும் பெய்யாமல் கழியும் வாய்ப்பு 0.82-ஐ ஆறு முறை பெருக்கினால் கிடைப்பது. அது ஏறத்தாழ 0.30. எனவே ஆறு மணிக்குள் ஒரு முறையாவது பெய்யும் வாய்ப்பு ஏறத்தாழ 70 சதவீதம்.

இங்கே நிறுத்தினால் பாதிக் கணக்குதான் சொன்னதாகும். மழை மணிக்கு மணி தொடர்பில்லாமல் பெய்வதில்லை. அடைமழை பிடிக்கும் நாளில், பெய்தால் ஆறு மணியும் பெய்யும், இல்லாவிட்டால் ஒரு மணியும் பெய்யாது. முழுக்க அப்படியே நடக்கும் என்று கொண்டால், மணிக்கு 18 சதவீதம் என்பது நாளுக்கும் 18 சதவீதமாகவே இருக்கும். உண்மை இந்த இரு எல்லைகளுக்கும் நடுவில், அன்றைய மழையின் தன்மையைப் பொறுத்து அமைகிறது. ஆகவே மணிக்கணக்கைக் கூட்டியோ, பெருக்கியோ, அவற்றில் பெரியதை எடுத்தோ நாளின் எண்ணை நீங்களாகச் செய்துகொள்ள முடியாது. முன்னறிவிப்பாளர் தனியாகத் தந்ததைத்தான் எடுத்தாள வேண்டும். மணி வாரி எண்களுள் பெரியதை எடுத்து "நாளைக்கு 20 சதவீதமே வாய்ப்பு" என்று எழுதுவதும், நாளின் 70-ஐ எடுத்து "மாலை 4 மணிக்கு 70 சதவீதம்" என்று எழுதுவதும் ஒரே தவறின் இரு முகங்கள்.

இந்த எண் எங்கிருந்து வருகிறது என்பதையும் மாணவர்கள் கேட்பார்கள். சுருக்கமாகச் சொல்வேன். வளிமண்டலத்தின் இப்போதைய நிலை நமக்கு முழுத் துல்லியமாகத் தெரியாது. ஆகவே கணினியில் ஒரே ஒரு கணக்கீட்டைச் செய்யாமல், தொடக்க நிலையைச் சற்றே மாற்றி மாற்றிப் பல கணக்கீடுகளைச் செய்கிறார்கள். ஐரோப்பிய நடுத்தரக் கால வானிலை முன்னறிவிப்பு மையம் 1992ஆம் ஆண்டின் இறுதியிலிருந்து இந்த முறையை நடைமுறையில் வைத்திருக்கிறது. ஐம்பது கணக்கீடுகளில் முப்பத்தைந்தில் அந்த இடத்தில் மழை வந்தால், தொடக்க மதிப்பீடு 70 சதவீதம். பிறகு, இதே கணினி முறை இதற்கு முன் 70 என்று காட்டியபோதெல்லாம் உண்மையில் எத்தனை முறை பெய்தது என்ற பழைய பதிவோடு ஒப்பிட்டு அந்த எண்ணைத் திருத்துகிறார்கள். பத்து வல்லுநர்களின் வாக்கெடுப்பு என்று சொன்ன மாணவர் இந்த இடத்தில் வெற்றிப் புன்னகை பூப்பார். அந்தக் கணக்கீடுகள் வல்லுநர்களின் கருத்துகள் அல்ல, ஒரே வானம் செல்லக்கூடிய பல வழிகள் என்று சொல்லி அவரை உட்கார வைப்பேன்.

இனி, பேச்சின் மையமான கேள்வி. "நேற்று 70 சதவீதம் என்றார்கள், பெய்யவில்லை, அப்படியானால் முன்னறிவிப்பு தவறுதானே?" நீங்களும் இதே கேள்வியைத் தலைப்பாக்கி, "பொய்த்துப்போன கணிப்பு" என்று எழுதுவதுண்டு. ஒரு நாளை மட்டும் வைத்து இதற்கு விடை சொல்ல இயலாது. 70 சதவீதம் என்று சொன்னவர், பத்தில் மூன்று முறை பெய்யாது என்பதையும் அதே மூச்சில் சொல்லியிருக்கிறார். அவரைச் சோதிக்க ஒரே வழி, அவர் 70 என்று சொன்ன நாள்களை எல்லாம் தனியே எடுத்து வைத்து, அவற்றில் எத்தனை நாள் பெய்தது என்று எண்ணுவது.

அப்படி நாற்பது நாள்கள் கிடைத்தன என்று கொள்வோம். இருபத்தெட்டு நாள் பெய்திருக்க வேண்டும் என்பது எதிர்பார்ப்பு. அதற்காகச் சரியாக 28 வந்தாக வேண்டும் என்பதில்லை. நேர்மையான முன்னறிவிப்பாளருக்கும் 25 வரலாம், 31 வரலாம்; கணக்குப்படி 22-க்கும் 34-க்கும் இடைப்பட்ட எந்த எண்ணும் தற்செயலின் எல்லைக்குள் அடங்கிவிடும். அடுத்தடுத்த நாள்கள் ஒரே மழைமண்டலத்தின் பிடியில் இருப்பதுண்டு என்பதால் இந்த எல்லையை இன்னும் சற்றுத் தாராளமாகவே வைத்துக்கொள்ளலாம். ஆனால் 16 நாள்தான் பெய்தது என்றால் அவர் மழையை மிகைப்படுத்துகிறார் என்றும், 38 நாள் பெய்தது என்றால் தேவைக்கு மேல் தயங்குகிறார் என்றும் துணிந்து சொல்லலாம். பத்தே நாள்களை வைத்துச் சோதித்தால் ஐந்து நாள் பெய்தாலும் ஒன்பது நாள் பெய்தாலும் ஒன்றும் சொல்ல முடியாது. ஒரு வாரத்தைப் பார்த்துவிட்டுத் தீர்ப்பு எழுதக் கூடாது என்று நான் சொல்வது இதனால்தான்.

இந்தச் சோதனையில் தேறுவது மட்டும் போதாது. ஓர் இடத்தில் ஆண்டில் 30 சதவீத நாள்களில் மழை பெய்யும் என்றால், ஒன்றும் அறியாத ஒருவர் நாள் தவறாமல் "30 சதவீதம்" என்று சொல்லியே இந்தச் சோதனையில் முழு மதிப்பெண் வாங்கிவிடலாம். அவரையும் திறமையானவரையும் பிரித்தறிய, கிளென் பிரையர் என்ற அமெரிக்க வானிலையாளர் 1950இல் ஓர் எளிய மதிப்பீட்டு முறையை வெளியிட்டார். சொன்ன வாய்ப்புக்கும் நடந்ததற்கும் உள்ள வேறுபாட்டின் வர்க்கமே அன்றைய தண்டம். மழை பெய்தால் 1, பெய்யாவிட்டால் 0. 70 சதவீதம் என்று சொல்லி மழை பெய்தால் தண்டம் 0.3-இன் வர்க்கம், 0.09. பெய்யாவிட்டால் 0.7-இன் வர்க்கம், 0.49. தண்டம் குறையக் குறைய முன்னறிவிப்பு சிறந்தது.

இப்போது உங்கள் தலைப்புகளை இதில் வைத்துப் பார்க்கலாம். முன்னறிவிப்பாளர் 70 என்று சொன்ன பத்து நாள்கள். ஏழு நாள் பெய்தது, மூன்று நாள் பெய்யவில்லை. அவருடைய மொத்தத் தண்டம் ஏழு முறை 0.09-உம் மூன்று முறை 0.49-உம் சேர்ந்து 2.1, நாளொன்றுக்கு 0.21. அதே பத்து நாள்களிலும் நீங்கள் "நாளை மழை" என்று தலைப்பிட்டீர்கள் என்று கொள்வோம். அது 100 சதவீதம் என்று சொன்னதற்குச் சமம். ஏழு நாள் உங்களுக்குத் தண்டமே இல்லை, மூன்று நாள் முழுத் தண்டம். மொத்தம் 3, நாளொன்றுக்கு 0.30. எதுவும் தெரியாது என்று கையை விரித்து நாள்தோறும் 50 சதவீதம் என்று சொல்லியிருந்தாலும் 0.25-தான் ஆகியிருக்கும். அதாவது நல்ல தகவல் ஒன்றைக் கையில் வாங்கி, அதை உறுதிமொழியாக மாற்றியதால், ஒன்றும் தெரியாதவரைவிடக் கீழே போயிருக்கிறீர்கள். சற்றே துணிந்து 90 என்று சொல்லலாமா என்று ஒரு மாணவர் கேட்பார். கணக்குப் போட்டால் அதற்கும் 0.25 வரும். 60 என்று பதுங்கினால் 0.22. 70 என்று உண்மையாக நம்புபவருக்கு 70 என்று சொல்வதே மிகக் குறைந்த தண்டம். இந்த மதிப்பீட்டில் மிகைப்படுத்துபவருக்கும் பதுங்குபவருக்கும் ஆதாயம் இல்லை.

வாசகர்களுக்கு எண் பிடிக்காது, ஆம் அல்லது இல்லை என்றுதான் கேட்கிறார்கள் என்று நீங்கள் சொல்லக்கூடும். கேட்பார்கள்தான். ஆனால் அந்த ஆம், இல்லை ஆளுக்கு ஆள் வேறுபடும். புதிதாகப் போட்ட கான்கிரீட் தளத்தை மூட ஒரு பங்கு செலவு, நனைந்து கெட்டால் பத்துப் பங்கு நட்டம் என்றால், வாய்ப்பு 10 சதவீதத்தைத் தாண்டினாலே மூடுவது லாபம். வெளியரங்க விழாவை உள்ளரங்குக்கு மாற்ற எட்டுப் பங்கு செலவு, நனைந்தால் பத்துப் பங்கு நட்டம் என்றால், 80 சதவீதம் வரை துணிந்து வெளியே நடத்தலாம். 70 என்ற ஒரே எண்ணைப் பார்த்து முதலாமவர் மூட வேண்டும், இரண்டாமவர் மாற்றக் கூடாது. நீங்கள் "நாளை மழை" என்று மட்டும் எழுதினால் இரண்டாமவரைத் தவறான முடிவுக்குத் தள்ளுகிறீர்கள். 20 சதவீத நாளில் "மழை இல்லை" என்று எழுதினால் முதலாமவரை.

என் கோரிக்கைகளுக்கு வருகிறேன். முதலாவது, சதவீதத்தைத் தனியாக நிற்க விடாதீர்கள். இடம், நேரம், அளவு மூன்றையும் சேர்த்து, மழையின் தன்மையையும் ஒரு சொற்றொடரில் சொல்லுங்கள். என் மாணவர் ஒருவர் எழுதித் தந்த வடிவம் எனக்குப் போதுமானதாகவே தோன்றுகிறது: "நாளை காலை 6 மணி முதல் மாலை 6 மணிக்குள், நீங்கள் இருக்கும் இடத்தில் தூறலாவது விழ 70 சதவீதம் வாய்ப்பு, மழை திட்டுத்திட்டாகப் பெய்யும், பலத்த மழைக்கு வாய்ப்பு குறைவு." வாசிக்கப் பத்து விநாடி ஆகாது. இதில் "தூறலாவது" என்ற சொல்லை மட்டும் எடுத்துவிடாதீர்கள்.

இரண்டாவது, மாத முடிவில் ஒரு சிறு அட்டவணை வெளியிடுங்கள். நீங்கள் வெளியிட்ட சதவீதங்களைப் பத்துப் பத்தாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் எத்தனை நாள், அவற்றில் எத்தனை நாள் மழை பதிவானது என்ற இரண்டே எண்கள் போதும். மழை பதிவானதா என்பதற்கு ஒரே மழைமானியின் அளவைத் தொடர்ந்து பயன்படுத்துங்கள். ஊரில் எங்கோ பெய்த மழையைக் கொண்டு ஓர் இடத்துக்கான எண்ணைச் சரிபார்த்தால், மேலே சொன்ன திட்டுமழை நாள்கள் எல்லாம் கணக்கை ஏமாற்றிவிடும். முந்தைய மாலை வெளியான எண்ணைத்தான் எடுக்க வேண்டும், அன்று காலையில் திருத்தப்பட்டதை அல்ல. ஒரு மாதத்தில் எந்தப் பிரிவிலும் நாற்பது நாள் சேராது என்பதால், மாதந்தோறும் பழைய கணக்கோடு கூட்டிக்கொண்டே போங்கள். ஓர் ஆண்டு முடியும்போது 70-ஆம் பிரிவில் என்ன எண் நிற்கிறது என்பதைப் பார்த்துவிட்டு, "பொய்த்துப்போன கணிப்பு" என்ற தலைப்பை எழுதலாமா என்று முடிவுசெய்யுங்கள்.

இப்படிக்கு,
கணித ஆசிரியர் ஒருவர்